கள்ளிச்செடியில் வெளிர் பழுப்புத் திட்டு: வெயில் சுட்ட இடம் மீண்டும் பச்சையாகுமா?

கடையில் வாங்கியபோது பச்சைப் பசேலென்று இருந்த கள்ளிச்செடி. பால்கனியில் வைத்து நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால், ஒரு பக்கத்தில் மட்டும் காய்ந்த வைக்கோல் நிறத்தில் ஒரு திட்டு. தொட்டால் தடித்த காகிதத்தைத் தொடுவதுபோல் இருக்கிறது. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, ஏதாவது நோய் தொற்றிவிட்டதா என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் இவற்றில் எதுவும் இல்லை. அது வெயில் சுட்ட காயம்.

எல்லாரும் முதலில் கேட்பது, அந்த இடம் ஆறுமா என்பதுதான். ஆறாது. வெளிர் பழுப்பாகிக் காய்ந்துபோன தோல் மீண்டும் பச்சையாகாது. ஆனால் செடி சாகப்போகிறது என்பதும் இல்லை. தழும்பு அதே அளவில் நிற்க, செடி அதைத் தாண்டி வளரும்.

ஏன் ஆறாது என்பதற்குக் கள்ளியின் உடலமைப்பே காரணம். மற்ற செடிகளில் வெயில் பட்டு இலை கருகினால், அந்த இலை உதிர்ந்து வேறொன்று துளிர்க்கும். கள்ளிக்கு இலை இல்லை. உணவு தயாரிக்கும் பச்சையம் முழுவதும் தண்டின் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்தத் தோலைத்தான் அது ஆயுள் முழுதும் சுமக்க வேண்டும். தாங்கக்கூடிய அளவைவிட அதிக ஒளி விழும்போது முதலில் பச்சையம் சிதைகிறது, பிறகு அந்த இடத்துத் திசு செத்துவிடுகிறது.

இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து நீராவியை வெளியேற்றும். நமக்கு வியர்ப்பதுபோல அது செடியைக் குளிர்விக்கும். கள்ளியோ தண்ணீரைச் சேமிப்பதற்காகப் பகலில் துளைகளை மூடி வைத்துவிட்டு, இரவில்தான் திறக்கிறது. அதனால் காற்றோட்டம் இல்லாத பால்கனியில் மதிய வெயில் நேராகப் படும் கள்ளியின் தோல், சுற்றியுள்ள காற்றைவிட வெகுவாகச் சூடாகிவிடும்.

"பாலைவனத்துச் செடிக்கு வெயில் என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெயிலுக்குப் பழகிய கள்ளிகளில் பல, 60 டிகிரி செல்சியசை ஒட்டிய தோல் வெப்பத்தையும் சற்று நேரம் தாங்கக்கூடியவை. பழகிய என்பதுதான் அங்கே முக்கியமான சொல். பாலைவனத்திலும் இளங்கள்ளிகள் பெரும்பாலும் திறந்த வெளியில் முளைத்துப் பிழைப்பதில்லை. ஒரு புதருக்கோ மரத்துக்கோ அடியில், அதன் நிழலில்தான் முதல் சில ஆண்டுகளைக் கழிக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் பல மீட்டர் உயரம் வளரும் சகுவாரோ கள்ளிகூட இப்படித்தான் தொடங்குகிறது. வெயில் கூடக் கூட, கள்ளி தன் மேல்தோலைத் தடிமனாக்கிக்கொள்ளும். பாதுகாப்பு நிறமிகளைச் சேர்த்துக்கொள்ளும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த அவகாசத்தை நாம் தராமல் போவதுதான் சிக்கல்.

நம் நாட்டில் கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிரிஞ்சாங் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆளுக்கொரு கள்ளித் தொட்டியோடு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே செடிகள் பிளாஸ்டிக் கூரைக்கடியில், மட்டான ஒளியில், குளிர்ந்த காற்றில் வளர்கின்றன. அதே செடி மறுநாளே கிள்ளானிலோ பூச்சோங்கிலோ உள்ள வீட்டு வாசலில், 33 டிகிரி வெப்பத்தில் நிற்கிறது. மனிதர்களுக்கே இந்த மாற்றம் தலைவலி தரும்.

கிள்ளானில் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஆண்டிறுதி விடுமுறையில் அவர் வாங்கி வந்தது, மஞ்சள் முள்ளோடு உருண்டையாக இருக்கும் தங்க உருண்டைக் கள்ளி. மெக்சிகோவைச் சேர்ந்த வகை. குறுக்களவு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். ஒரு மாதத்துக்கும் மேலாக வரவேற்பறையில், கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் இருந்தது. தைப்பூசம் முடிந்த வாரத்தில், வெளிச்சம் போதவில்லையே என்று மூன்றாவது மாடிப் பால்கனிக்கு மாற்றினார். பால்கனி மேற்கு பார்த்தது.

இரண்டாம் நாள் மாலையில் ஒரு பக்கம் பச்சை மங்கி வெளிறியிருந்தது. நான்காம் நாள் அது வைக்கோல் நிறமானது. உச்சிக்குச் சற்றுக் கீழே, தோள்பட்டை போன்ற பகுதியில், 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு மூன்று வரம்புகளைத் தொட்டிருந்தது திட்டு. கூர்ந்து பார்த்தபோது வரம்புகளின் முகடுகள்தான் வெந்திருந்தன. இடையிலுள்ள பள்ளங்கள் பச்சையாகவே இருந்தன. முட்கள் அடர்ந்து நிழல் விழுந்த இடங்களும் தப்பியிருந்தன. கைப்பேசியின் திசைகாட்டியை அந்தத் திட்டுக்கு நேராகப் பிடித்தால் ஏறக்குறைய 245 டிகிரி காட்டியது. அதாவது மேற்கிலிருந்து சற்றுத் தெற்கு. பிப்ரவரி மாதத்தில் பிற்பகல் நான்கு, ஐந்து மணிக்குச் சூரியன் நிற்கும் திசை அதுதான். செடியே தன் உடம்பில் குற்றவாளியின் திசையைக் குறித்து வைத்திருந்தது என்று சொல்லலாம்.

நோயா, வெயில் காயமா என்று கண்டறிய இந்தத் திசைச் சோதனை மிகவும் உதவும். வெயில் காயம் ஒரு பக்கத்தில் மட்டும், சூரியனைப் பார்த்த இடத்தில் வரும். அடுத்ததாக, ஒரு மழுங்கிய குச்சியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வெயில் காயம் உலர்ந்து, விறைப்பாக இருக்கும். சில நேரம் லேசாகக் குழிந்திருக்கும். அழுகலாக இருந்தால் குச்சி அமுங்கும், நிறம் கருத்து ஈரமாக இருக்கும், சில வேளைகளில் நாற்றமும் வரும். அழுகல் பெரும்பாலும் மண்ணை ஒட்டிய அடிப்பகுதியில் தொடங்கி மேலே ஏறும். அதற்கு வைத்தியம் வேறு, அவசரமும் வேறு.

குழப்பம் தரக்கூடியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, சிவப்புச் சிலந்திப் பூச்சி. கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்தப் பூச்சி சாற்றை உறிஞ்சினால் துருப்பிடித்ததுபோல் நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை உச்சியிலுள்ள இளந்தோலில் தொடங்கும். திசை பார்க்காமல் சுற்றிலும் பரவும். மற்றொன்று, வயதான கள்ளிகளின் அடிப்பகுதி இயல்பாகவே மரப்பட்டைபோல் பழுப்பாவது. அது மண் மட்டத்திலிருந்து சுற்றளவு முழுக்க ஒரே சீராக ஏறிவரும். அது நரை மாதிரி, கவலைப்பட ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லையென்றால், திட்டின் பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தைப் பிடித்து வாரம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். செடியை நிழலுக்கு மாற்றிய பிறகு வெயில் காயம் பெரிதாகாது. இரண்டு மூன்று வாரத்தில் விளிம்பு நாணயத்தை நோக்கி நகர்ந்திருந்தால், அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

நிறம் மங்கியதெல்லாம் நிரந்தரத் தழும்பு என்றும் எண்ண வேண்டாம். பச்சை வெளுத்து மஞ்சள் சாயல் தட்டியிருந்தாலோ, செம்மை அல்லது ஊதா நிறம் ஏறியிருந்தாலோ, தோல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை. அன்றைக்கே நிழலுக்கு மாற்றினால் சில வாரங்களில் பச்சை திரும்பும். வெண்மையாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறி உலர்ந்துவிட்டால்தான் அந்த இடம் கதை முடிந்த இடம். ஆகவே இந்த முதல் வெளிறலை இரண்டாம் நாளே கவனிக்கிறவர்களுக்குத் தழும்பில்லாமல் தப்ப வாய்ப்பு உண்டு.

தழும்பு விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. செடியை நேரடி வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். இருட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அது வெளிறி, ஒல்லியாக நீண்டு, அடுத்த முறை வெயிலைப் பார்க்கும்போது இன்னும் எளிதில் வெந்துவிடும். காய்ந்த தோலை உரிக்காதீர்கள். செத்த தோலுக்கு அடியில் செடி தக்கை போன்ற ஓர் அடுக்கைக் கட்டி உள்ளேயிருக்கும் ஈரத்தை அடைத்துக்கொள்கிறது. உரித்தால் அந்த அடைப்பைத் திறந்து விடுகிறோம். நம் வீடுகளில் புண் என்றாலே மஞ்சளைக் குழைத்துப் பூசும் பழக்கம் உண்டு. இங்கே அது தேவையில்லை. எண்ணெய் பூசுவதோ கெடுதலே. துளைகளை அடைப்பதோடு, வெயில் பட்டால் இன்னும் சூட்டைக் கூட்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, பரிதாபப்பட்டு ஊற்றும் தண்ணீர். வெந்துபோன செடிக்குத் தாகமாக இருக்கும் என்று தினமும் ஊற்றினால், தழும்போடு பல ஆண்டு வாழவேண்டிய கள்ளி ஒரே மாதத்தில் அடி அழுகிப் போகும். மண் முழுவதும் காய்ந்த பிறகே தண்ணீர். தழும்பில் வெடிப்பு இருந்தால் அது முழுதாக உலர்ந்து மூடும் வரை மழை படாத இடத்தில் வைப்பது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் நுழைய ஒரு சின்ன வெடிப்பு போதும்.

கிள்ளான் நண்பரின் கள்ளிக்கும் இதைத்தான் செய்தோம், அதாவது ஏறக்குறைய எதுவும் செய்யவில்லை. இரண்டு மாதத்தில் வைக்கோல் நிறம் சாம்பல் கலந்த பழுப்பானது, தொட்டால் மரப்பட்டைபோல் இருந்தது. அளவு மாறவில்லை. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால், தழும்பு உச்சியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விலகியிருந்தது. உருண்டைக் கள்ளி நடு உச்சியிலிருந்துதான் வளர்கிறது. புதிய தோல் அங்கே தோன்றத் தோன்ற, பழைய தோல் பக்கவாட்டுக்கும் பிறகு கீழேயும் தள்ளப்படுகிறது. சில ஆண்டுகளில் அந்தத் தழும்பு அடிப்பகுதிக்குப் போய், வயதால் வரும் இயல்பான பழுப்போடு கலந்துவிடும். மறைவது வேறு, ஆறுவது வேறு. கள்ளியில் நடப்பது முதலாவது.

வெயில் சுட்டது நடு உச்சியிலேயே என்றால் மட்டும் நிலைமை கொஞ்சம் கடினம். வளரும் புள்ளி செத்துவிட்டால் அந்தத் தண்டு மேற்கொண்டு வளராது. பல வகைகள் பக்கத்தில் குட்டிகளை விட்டு அதிலிருந்து தொடரும். சில மாதங்கள் பொறுத்திருந்து பார்க்கத்தான் வேண்டும்.

இனி, அடுத்த தழும்பு விழாமல் காப்பது எப்படி என்று பார்க்கலாம். புதிதாக வாங்கிய கள்ளியை முதல் வாரம் வெளிச்சமான நிழலில் வையுங்கள். இரண்டாவது வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம். பிறகு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூட்டலாம். மூன்று நான்கு மணி நேரக் காலை வெயிலை வெளிறாமல் தாங்கினால், பெரும்பாலான வீட்டுக் கள்ளிகளுக்கு அதுவே போதுமானது. சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பல மாதம் வெயிலில் இருந்த செடிக்கும் இதே முறைதான். கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுடும் பகுதியைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், அந்தச் செடி வெளி வெயிலைப் பொறுத்தவரை பழகாத செடியே.

நேரத்தைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளில் "10 மணிக்குப் பிறகு வெயில் வேண்டாம்" என்று படித்துவிட்டு இங்கே அப்படியே பின்பற்றுகிறோம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டு சனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனுக்கு முந்திக்கொண்டுதான் ஓடியது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றே கால் மணிக்கு. ஆகவே இங்கே காலை 11 மணி வெயில், சூரியக் கணக்கில் பத்து மணிக்கும் முந்தியது. பழகிய செடிக்கு அது தொந்தரவில்லை. மறுபக்கம், மாலை நான்கு மணிக்கு வெயில் தணிந்திருக்கும் என்று நினைப்பது தவறு. சூரியக் கணக்கில் அப்போது மூன்றுகூட ஆகியிருக்காது. மேற்குப் பால்கனியில் செடிகள் அதிகம் வேகும் நேரம் இதுவே.

மேற்கு பார்த்த இடத்தைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்குக் கறுப்பு நிழல்வலை உதவும். ஒளியில் பாதியை மறைக்கும் 50 விழுக்காட்டு வலை ஒரே மடிப்பு போதும். செடியின் மேல் போர்த்திவிடாமல் ஓர் அடியாவது உயரத்தில் கட்டுங்கள், சூடான காற்று வெளியேற இடம் வேண்டும். வலை வாங்கும் வரை, மதியத்தில் ஒரு செய்தித்தாளைக் கூடாரம்போல் செடிமேல் வைத்தாலும் காயம் படாமல் காக்கும். தொட்டியைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகைமேல் உயர்த்துவதும் நல்லது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி கொதிக்கும் தரையில் நின்றால் வேரும் வேகும்.

இவ்வளவு செய்தும், "தொட்டியை நகர்த்தவே இல்லை, ஆறு மாதம் நன்றாக இருந்தது, திடீரென்று சுட்டுவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. நகர்ந்தது சூரியன். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகவும் சாய்ந்து செல்கிறது. வடக்கு பார்த்த நடைபாதையில் சனவரி முழுதும் நிழலில் இருந்த செடிக்கு, மே மாதத்தில் நேரடி வெயில் விழத் தொடங்கும். தெற்கு பார்த்த வீட்டில் அதுவே நவம்பரில் நடக்கும். மார்ச் இறுதியிலும் செப்டம்பர் மத்தியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இவற்றில் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். மேக மூட்டத்தில் பல வாரம் மென்மையாகிவிட்ட செடிமேல் கடும் வெயில் திடீரென இறங்கும். அந்த வாரங்களில் மட்டும் நிழல்வலையைக் கட்டி, செடி பழகியபின் கழற்றினாலும் போதும்.

தொட்டியைத் திருப்புவதும் நகர்த்துவதற்குச் சமம். மேற்கு வெயிலுக்குப் பழகிய பக்கம் சுவரைப் பார்க்க, பழகாத பக்கம் வெயிலுக்கு வந்துவிடும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது தொட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு, திரும்ப வைக்கையில் யாரும் திசை பார்ப்பதில்லை. தொட்டியின் விளிம்பில், வெயில் படும் பக்கத்தில், நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் யார் எடுத்து வைத்தாலும் சரியாக இருக்கும்.

எல்லாக் கள்ளிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. வெண்முள்ளோ பஞ்சு போன்ற மயிரோ உடலை மூடியிருக்கும் வகைகள் தம் நிழலைத் தாமே கொண்டிருக்கின்றன. அவை விரைவில் பழகும். முள் குறைந்து, பச்சைத் தோல் பளிச்சென்று தெரியும் வகைகள் எளிதில் வேகும். இரவுச் சந்தைகளில் விற்கப்படும், பச்சைத் தண்டின்மேல் சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டை ஒட்டிய கள்ளியை எத்தனை வாரம் பழக்கினாலும் முழு வெயிலுக்குக் கொண்டுவர முடியாது. அந்த வண்ண உருண்டையில் பச்சையம் அறவே கிடையாது, கீழேயுள்ள தண்டுதான் அதற்கும் சேர்த்து உணவு தயாரிக்கிறது. அந்தத் தண்டு பெரும்பாலும் நம் தோட்டங்களில் கொடியாக ஏறும் டிராகன் பழச் செடியின் இனம். அது பாலைவனத்துக் கள்ளியே அல்ல. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு அரை நிழலில் வளர்வது. கடும் வெயில் காலத்தில் டிராகன் பழத் தோட்டங்களில் கொடியின் மேற்பக்கம் மஞ்சளாகி வெளிறியிருப்பதைப் பார்த்தால், அதுவும் இதே காயம்தான்.